ரெகமெண்டட் என்றால் 60 என்று அர்த்தமில்லை

"மினிமம் இருந்தா ஓடும், ரெகமெண்டட் இருந்தா 60 எஃப்பிஎஸ்ல ஸ்மூத்தா ஓடும், யோசிக்காம வாங்குங்க."

கேம் பக்கத்தில் போடும் கம்ப்யூட்டர் தேவைப் பட்டியலைப் பற்றி இப்படிச் சொன்ன தம்பிக்கு: முதல் பாதி சரி. இரண்டாவதில்தான் பணம் போகும். Monster Hunter Wilds-இன் ஸ்டீம் பக்கத்தில் கிராஃபிக்ஸ் கார்டு பெயரோடு நிற்காமல் Additional Notes வரை இறங்கிப் படியுங்கள். ரெகமெண்டட் பட்டியலில் 60 என்றுதான் இருக்கும். ஆனால் மீடியம் செட்டிங்கில், 1080p-இல், அதுவும் ஃபிரேம் ஜெனரேஷன் போட்டால். அதாவது கார்டு உண்மையில் வரைவது ஏறக்குறைய பாதி; மீதி நடுவில் ஊகித்துச் செருகியவை. கண்ணுக்கு 60, கைக்கு 30. பட்டனை அழுத்தினால் வாள் கொஞ்சம் தாமதமாகத்தான் எழும். மினிமம்? 720p-இல் வரைந்து 1080p-க்குப் பெரிதாக்கிய 30.

லேப்டாப்பில் அதே நம்பர் கார்டு இருந்தும் திணறுகிறது என்ற செந்தூல் அண்ணனின் கதை வேறு. பக்கத்தில் எழுதியிருப்பது டெஸ்க்டாப் கார்டு; லேப்டாப் கார்டுக்குக் கிடைக்கும் மின்சாரமே குறைவு. எவ்வளவு குறையும் என்பது மாடலுக்கு மாடல் மாறும்.

மினிமம், ரெகமெண்டட் என்ற இரண்டு சொல்லுக்கும் பொது அளவுகோல் கிடையாது, ஒவ்வொரு கம்பெனியும் தானே எழுதுவதுதான். குறிப்பே போடாத பக்கத்தில் 30ஆ 60ஆ என்று சொல்லவே முடியாது. இந்த கேமுக்கு நல்லவேளையாக ஸ்டீமில் இலவச பெஞ்ச்மார்க் உண்டு. ஃபிரேம் ஜெனரேஷனை அணைத்து ஒருமுறை ஓட்டிப் பாருங்கள், அப்புறம் லோ யாட்டுக்குக் கார்டு வாங்கப் போகலாம்.