மழையால் ஒத்திவைக்கும் அறிவிப்பை யாருக்காக எழுதுகிறோம்?

மழை வலுத்தால் போதும், நம் எல்லோருடைய வாட்ஸ்அப்பிலும் ஒரு படம் வந்துவிடுகிறது. மேலே மேகம், நடுவில் பெரிய எழுத்தில் "ஒத்திவைப்பு", கீழே நாலு வரி. "கனமழை காரணமாக இன்றைய நிகழ்ச்சி ஒத்திவைக்கப்படுகிறது. புதிய தேதி விரைவில் அறிவிக்கப்படும். இதே டிக்கெட் அன்றும் செல்லும். சிரமத்துக்கு வருந்துகிறோம்." இந்த நாலு வரியில் தவறாக எதுவும் இல்லை. ஆனால் இதைப் படித்துவிட்டு ஒருவரால் எந்த முடிவுக்கும் வர முடியாது. அதுதான் என் புகார்.

நிகழ்ச்சிகளில் டிக்கெட் பக்கத்தைக் கவனித்துக்கொள்ளும் வேலை எனக்குக் கொஞ்சம் பழக்கம். மழை அறிவிப்பு வெளியான அடுத்த நிமிடம் போன் எடுக்கிற ஆள்களில் நானும் ஒருவன். அப்போது வரும் அழைப்புகளில் மழையைப் பற்றி யாரும் சண்டை போடுவதில்லை. "சார், புது தேதியில் நான் ஊரில் இல்லை, என் பணம் என்ன ஆகும்?" என்பதைத்தான் ஆளுக்கொரு விதமாகக் கேட்கிறார்கள். அதனால் என் கருத்து இது: ஒத்திவைப்பு அறிவிப்பு முதலில் எழுதப்பட வேண்டியது புதிய தேதியில் வர முடியாதவருக்கு. வர முடிந்தவருக்கு ஒரு வரி போதும், டிக்கெட்டைப் பத்திரமாக வைத்திருங்கள் என்று. மற்ற வரிகளெல்லாம் வர முடியாதவருக்கே சேர வேண்டும். நடைமுறையில் பெரும்பாலும் தலைகீழாகத்தான் நடக்கிறது.

வர முடியாதவர் தெரிந்துகொள்ள வேண்டியது அதிகமில்லை. நான் ஒன்றும் செய்யாமல் இருந்தால் என்ன ஆகும்? பணம் வேண்டுமென்றால் எந்தத் தேதிக்குள் கேட்க வேண்டும்? எவ்வளவு வரும், எந்த வழியில் வரும்?

முதல் கேள்விதான் அதிகம் விடுபடுவது. பொதுவாக வழக்கம் என்னவென்றால், நீங்கள் ஒன்றும் சொல்லாவிட்டால் டிக்கெட் அப்படியே புதிய தேதிக்கு மாறிவிடும். பணம் வேண்டுமென்றால் நீங்கள்தான் கேட்க வேண்டும். நிகழ்ச்சி ஒரேயடியாக ரத்தானால் நிலைமை வேறு, பெரும்பாலும் கேட்காமலே பணம் திரும்பிவிடும். இந்த வித்தியாசம் ஏற்பாட்டாளருக்குத் தெரியும், டிக்கெட் வாங்கியவருக்குத் தெரியாது. அவர் "தானாக வந்துவிடும்" என்று காத்திருப்பார். கடைசி நாள் கடந்த பிறகு போன் செய்வார். அங்கேதான் சண்டை ஆரம்பிக்கிறது. "நீங்கள் எதுவும் செய்யாவிட்டால் டிக்கெட் புதிய தேதிக்கு மாறும், பணம் வராது" என்று ஒரு வரி இருந்திருந்தால் அந்தச் சண்டையே இல்லை.

ஏன் அந்த வரியை எழுதுவதில்லை? பல நேரம் மறதி. சில நேரம் தெரிந்தே. ரீஃபண்ட் என்ற சொல்லைக் கண்ணில் படும்படி போட்டால் எல்லோரும் கேட்டுவிடுவார்களோ என்ற பயம். அந்தப் பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. டிக்கெட் விற்ற பணம் பெட்டியில் பூட்டி வைத்திருப்பதில்லை. கலைஞருக்கு முன்பணம், மேடை, ஒலி, ஒளி, ஜெனரேட்டர், இடத்தின் வாடகை என்று ஒரு பகுதி முன்பே போயிருக்கும். மழை நாளன்று மேடை கட்டி முடித்திருந்தால் அந்தக் கூலியும் போனதுதான்; புதிய தேதிக்கு மறுபடி கட்ட வேண்டும். டிக்கெட் விற்றுத் தரும் தளம் நிகழ்ச்சி முடிந்த பிறகுதான் ஏற்பாட்டாளருக்குப் பணம் கொடுக்கும் ஒப்பந்தமாக இருந்தால் நல்லது, பணம் தளத்திடமே இருக்கும், சட்டென்று திருப்பலாம். முன்கூட்டியே வாங்கிச் செலவு செய்திருந்தால், ரீஃபண்டுக்கு ஏற்பாட்டாளர் வேறெங்கிருந்தாவது பணம் புரட்டியாக வேண்டும். "விரைவில் திருப்பித் தரப்படும்" என்று தேதியே இல்லாத வாக்கியம் வந்தால், பெரும்பாலும் இந்தப் புரட்டல் இன்னும் முடியவில்லை என்று நான் புரிந்துகொள்வேன்.

இந்தக் கஷ்டத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் அது டிக்கெட் வாங்கியவருடைய கஷ்டம் அல்ல. அதோடு, மறைப்பதால் லாபமும் இல்லை. சீக்கிரம் வெளிப்படையாகச் சொன்னால் வர முடியாதவர் சீக்கிரம் கேட்பார். அந்த இருக்கையை மறுபடி விற்க நாள் கிடைக்கும். மழுப்பினால் அவர் கடைசி நேரத்தில் கேட்பார், அல்லது நேராகத் தன் வங்கியிடம் போய்க் கார்டு பரிவர்த்தனையை மறுத்து மனுப் போடுவார். அப்படிப் போனால் பணமும் போகும், அதற்கான தனிக் கட்டணமும் ஏற்பாட்டாளர் தலையில் விழும்.

சரி, எப்படி எழுதலாம்? ஒரு கற்பனை நிகழ்ச்சியை எடுத்துக்கொள்வோம். திறந்தவெளியில் மாலை இசை நிகழ்ச்சி. நவம்பர் 14, சனிக்கிழமை. காலையிலிருந்து மழை. பகல் 11 மணிக்கு முடிவு எடுத்தாயிற்று. நானாக இருந்தால் இப்படி எழுதுவேன்:

"இன்று (14 நவம்பர் 2026, சனிக்கிழமை) மாலை நடக்கவிருந்த இசை நிகழ்ச்சி நடக்காது. தயவுசெய்து கிளம்ப வேண்டாம். மழையில் மைதானம் நனைந்துவிட்டதாலும், மேடையின் மின் இணைப்புகளைப் பாதுகாப்பாக வைக்க முடியாததாலும் இந்த முடிவு. மாலைக்குள் மழை நின்றாலும் இது மாறாது.

புதிய நாள்: 12 டிசம்பர் 2026, சனிக்கிழமை. அதே இடம், அதே நேரம், அதே கலைஞர்கள்.

அன்று வர முடியுமென்றால் நீங்கள் எதுவும் செய்ய வேண்டாம். இதே டிக்கெட் செல்லும்.

வர முடியாதென்றால் நவம்பர் 25, புதன்கிழமை இரவு 12 மணிக்குள் பணத்தைக் கேளுங்கள். டிக்கெட் வாங்கிய அதே தளத்தில், உங்கள் முன்பதிவுப் பக்கத்தில் அதற்கான பொத்தான் இருக்கும். முன்பதிவுக் கட்டணம் உட்பட நீங்கள் செலுத்திய முழுத் தொகையும், செலுத்திய அதே வழியில், கேட்ட நாளிலிருந்து 7 வேலை நாள்களில் அனுப்பப்படும். ஒரே முன்பதிவில் பல டிக்கெட் வாங்கியவர்கள் சிலவற்றுக்கு மட்டும் பணம் கேட்கலாம். நேரில் ரொக்கம் கொடுத்து வாங்கியவர்கள் டிக்கெட்டோடு அதே கவுண்டருக்கு வரவும்.

இந்த அறிவிப்பு வெளியான நேரம்: நவம்பர் 14, பகல் 11.15."

அவ்வளவுதான். இதில் சில வரிகள் எதற்கு என்று சொல்கிறேன்.

"மழை நின்றாலும் இது மாறாது" என்ற வரி இல்லாவிட்டால், மூன்று மணிக்கு வெயில் அடித்ததும் பாதிப் பேர் கிளம்பிவிடுவார்கள், மீதிப் பேர் "வெயில்தானே அடிக்குது, ஏன் நிறுத்தினீங்க?" என்று திட்டுவார்கள். திறந்தவெளியில் சிக்கல் விழுகிற மழையோடு முடிவதில்லை. நனைந்த மண்ணில் மேடைக் கால்கள் இறங்கும், ஒயர்கள் ஓடும் இடமெல்லாம் ஈரமாக இருக்கும், வண்டி நிறுத்தும் இடம் சேறாகியிருக்கும். வானம் வெளுத்த பிறகும் இவை மணிக்கணக்கில் அப்படியே கிடக்கும். "தவிர்க்க முடியாத காரணங்களால்" என்று பொதுவாக எழுதுவதைவிட இந்தக் காரணத்தைச் சொன்னால் ஜனங்கள் ஏற்றுக்கொள்கிறார்கள்.

தேதியோடு கிழமையையும் ஆண்டையும் போட்டதற்கும் காரணம் உண்டு. அவசரத்தில் அடிக்கும்போது தேதியில் ஓர் எண் மாறுவது சகஜம். கிழமை கூட இருந்தால் படிப்பவரே பிழையைக் கண்டுபிடித்துவிடுவார். ஆண்டும் வெளியான நேரமும் படத்துக்குள்ளேயே இருக்க வேண்டும், பதிவின் மேல் அல்ல. படம் மட்டும் தனியாக ஃபார்வர்டு ஆகும். போன மழைக்கு வந்த அறிவிப்பு இந்த மழைக்குச் சுற்றுவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

கடைசி நாள் ஏன் 25? அறிவிப்பிலிருந்து பதினோரு நாள். விடுப்புக் கிடைக்குமா, வீட்டில் வேறு வேலை இருக்கிறதா என்று பார்த்து முடிவு செய்ய அது போதும். அந்தப் பக்கம் நிகழ்ச்சிக்கு இன்னும் பதினேழு நாள் இருப்பதால் திரும்பி வந்த இருக்கைகளை விற்கலாம். "48 மணி நேரத்துக்குள் கேட்க வேண்டும்" என்று சிலர் போடுகிறார்கள். அது அறிவிப்பைக் கண்ணில் பார்க்காதவர்களுடைய பணத்தை வைத்துக்கொள்ளும் வழி என்றே எனக்குத் தோன்றுகிறது. புதிய தேதியே முடிவாகவில்லையென்றால் இன்னும் சுலபம்: பணத்தை உடனே கேட்கலாம் என்று திறந்துவிடுங்கள். எந்த நாளென்று தெரியாத நிகழ்ச்சிக்கு வர முடியுமா முடியாதா என்று ஒருவர் எப்படிச் சொல்வார்?

முன்பதிவுக் கட்டணம்தான் உண்மையில் சிக்கலானது. ஆன்லைனில் பணம் வாங்கித் தரும் பல பேமென்ட் கேட்வேக்கள், ரீஃபண்ட் கொடுத்தாலும் முதலில் பிடித்த கட்டணத்தைத் திருப்பித் தருவதில்லை. டிக்கெட் தளமும் தன் கட்டணத்தை விட்டுக்கொடுக்காமல் இருக்கலாம். அப்போது முழுத் தொகை கொடுக்க வேண்டுமென்றால் மீதியை ஏற்பாட்டாளர் கைக்காசிலிருந்து போட வேண்டும். போட முடியாது என்றால் அதையும் வெளிப்படையாக எழுதிவிடலாம்: "டிக்கெட் விலை மட்டும் வரும், முன்பதிவுக் கட்டணம் வராது." படிப்பவருக்குக் கோபம் வரும். ஆனால் முழுத் தொகை என்று எழுதிவிட்டுக் குறைத்து அனுப்பினால் வரும் கோபம் வேறு ரகம்.

அப்புறம் "அனுப்பிவிட்டோம்", "வரவில்லை" என்ற வாக்குவாதம். இதில் பெரும்பாலும் இரண்டு பக்கமும் உண்மையைத்தான் சொல்கிறார்கள். தளம் அனுப்பிய நாளும் வங்கிக் கணக்கில் ஏறும் நாளும் ஒன்றல்ல. கார்டு என்றால் இடையில் சில வேலை நாள்கள் ஆகலாம். பணம் கட்டிய சிறிது நேரத்திலேயே திருப்பப்பட்டால் தனியாக வரவு என்று காட்டாமல், பழைய பற்று காணாமல் போவதும் உண்டு. குறுஞ்செய்திக்காகக் காத்திருப்பவர் ஏமாந்துபோவார். அதனால் கார்டில் கட்டியவர்கள் ஏ.ஆர்.என் என்ற 23 இலக்க எண்ணைக் கேட்டு வாங்குங்கள். அந்த எண்ணைக் கொடுத்தால் பணம் எங்கே நிற்கிறது என்று உங்கள் வங்கியால் தேடிப் பார்க்க முடியும். எண் கேட்டும் கொடுக்கவில்லையென்றால், பணம் இன்னும் கிளம்பவே இல்லை என்று சந்தேகப்படலாம்.

இன்னொன்று, இது அவசரம். ஒத்திவைப்பு அறிவிப்பு வந்த உடனே அதன் கீழே கருத்துப் பகுதியில் போலி ஆள்கள் வந்துவிடுகிறார்கள். "ரீஃபண்ட் வேண்டுமா, இந்த எண்ணுக்கு அழைக்கவும், இந்த லிங்கைத் தொடவும்" என்று. பணம் உங்களுக்கு வருவதற்கு நீங்கள் ஓடிபி சொல்ல வேண்டியதில்லை, ரகசிய எண்ணை அடிக்க வேண்டியதில்லை. அதையெல்லாம் கேட்டால் உங்கள் பணம் வெளியே போகப்போகிறது என்று அர்த்தம். ஏற்பாட்டாளர்களும் அறிவிப்பைப் போட்டுவிட்டுக் கருத்துப் பகுதியைத் திறந்த வீடு மாதிரி விட்டுவிட்டுப் போகாதீர்கள். அன்று ஒரு நாளாவது ஒருவர் உட்கார்ந்து அந்தப் போலி எண்களை நீக்கிக்கொண்டே இருக்க வேண்டும். அறிவிப்பிலேயே "நாங்கள் யாரையும் போனில் அழைத்து வங்கி விவரம் கேட்க மாட்டோம்" என்று ஒரு வரி சேர்த்தால் இன்னும் நல்லது. மேலே நான் எழுதிய மாதிரியில் அது இல்லை. எடுத்துப் பயன்படுத்துகிறவர்கள் சேர்த்துக்கொள்ளுங்கள்.