ஷார்ப்பன் செய்தால் ஒட்டிய படம் ஒன்றிவிடாது

"பழைய ஸ்டூடியோ படத்திலிருந்து தாத்தாவை போட்டோஷாப்பில் வெட்டி ஒட்டிவிட்டு, கடைசியில் ஷார்ப்பன் கொடுத்தால் போதும், குரூப் போட்டோவோடு ஒன்றிவிடும்."

பாதி சரி. குரூப் போட்டோவைவிடத் தாத்தா லேசாக மங்கலாக இருந்தால் ஷார்ப்பன் உதவும். ஆனால் பெரும்பாலும் நடப்பது தலைகீழ். ஸ்டூடியோ படத்தைச் சின்னதாக்கியதும் தாத்தாவின் மீசை முடிகூட எண்ணும்படி தெரியும், பக்கத்தில் நிற்கும் சித்தப்பா கலங்கலாக இருப்பார். அங்கே மேலும் ஷார்ப்பன் கொடுத்தால் முகத்தைச் சுற்றி வெள்ளைக் கோடுதான் விழும்.

முதலில் தாத்தாவின் அளவைச் சரிசெய்து முடியுங்கள். அதே வரிசையில் நிற்பவரின் தலையோடு ஒப்பிடுங்கள், முன்வரிசையோடு அல்ல. அப்புறம் `Gaussian Blur` 0.5 பிக்சலில் தொடங்கி, 100% ஜூமில் சித்தப்பாவின் கண்ணிமையோடு பொருந்தும்வரை கூட்டுங்கள். கடைசியாக, குரூப் போட்டோவில் தெரிவதுபோன்ற புள்ளிகளைச் சேர்க்க `Add Noise`. மங்கலாக்கும்போது படத்தின் புள்ளிகளும் அழிந்துவிடும், அதனால்தான் இந்த வரிசை.

வெளிச்சம் ஒரே பக்கமிருந்து வருவதுபோல் தெரிய, தாத்தா படத்தை இடவலமாகத் திருப்பிப் போடச் சொன்ன நண்பருக்கு: சட்டைப் பை வலப்பக்கம் போய்விடும், வகிடும் மாறும். வீட்டார் உடனே கண்டுபிடிப்பார்கள். மூக்கின் நிழல் எதிர்ப்பக்கம் விழுந்திருந்தால் வேறு படம் தேடுவதே நல்லது. ஒரே படம்தான் இருக்கிறது என்றவருக்கு என்னிடமும் முழுத் தீர்வு இல்லை. நிழலைக் குறைக்கலாம், இடம் மாற்றுவது கடினம்.