கட்டணம் குறைந்தால் செலவும் குறைந்துவிடுமா?

ஏசியும் குறைந்த கட்டணமும் ஒன்றாகத் தருவதாகச் சொல்லும் ஒரு பஸ் கம்பெனி விளம்பரத்துக்குக் கீழே, "இது கட்டுப்படியாகாது" என்று நேற்று எழுதினேன். அதைப் பொறாமை என்றார்கள். "ஏசியும் உண்டு, கட்டணமும் குறைவு, உனக்கு என்ன வலிக்குது?" என்று ஒருவர் கேட்டார். வலிக்கத்தான் செய்கிறது. இதே சென்னை–மதுரை பாதையில் ஓடிய ஒரு சின்ன கம்பெனியில் நான்கு வருடம் கணக்கு எழுதியவன் நான்.

கட்டணம் குறைவு வேறு, செலவு குறைவு வேறு. வியாபாரப் போட்டியைப் பற்றி எழுதிய பேராசிரியர் மைக்கேல் போர்ட்டர் 1980இலேயே பிரித்துச் சொன்ன விஷயம் இது. எல்லோரையும்விடக் குறைந்த செலவில் நடத்து, இல்லையென்றால் கூடுதல் காசு கொடுக்கத் தோன்றும் அளவுக்குத் தனியாகத் தெரி. இரண்டும் இல்லாதவன் நடுவில் மாட்டிக்கொள்வான்.

எங்கள் நோட்டுக் கணக்கையே சொல்கிறேன். சென்னை–மதுரை, ஒரு ட்ரிப்புக்கு டீசல், பேட்டா, சுங்கம், தவணை எல்லாம் சேர்த்து. ஏசி இல்லாத 44 சீட் வண்டிக்கு 23,000 ரூபாய், அதாவது சீட்டுக்கு 523. டிக்கெட் 650. அதே பாதையில் 30 படுக்கை ஏசி ஸ்லீப்பருக்கு 27,600, படுக்கைக்கு 920. டிக்கெட் 1,300. சாதா வண்டியைவிடச் செலவு 397 கூடுதல், ஆனால் பயணி 650 கூடுதலாகத் தருகிறார். அதுதான் தனித்துத் தெரிவது. கூடுதல் செலவைவிடக் கூடுதல் கட்டணம் பெரிதாக இருக்க வேண்டும்.

எங்களுடையது 36 சீட் ஏசி செமி ஸ்லீப்பர். செலவு 26,680, சீட்டுக்கு 741. டிக்கெட் 850. சாதா வண்டியைவிடச் செலவு 218 கூடுதல், கிடைத்தது 200தான். மாட்டிக்கொண்டது அங்கேதான் தெரியும்.

"வெள்ளிக்கிழமை நிரம்பி வழியுதே" என்பீர்கள். வழியட்டும். செலவை எடுக்க ஸ்லீப்பர்காரருக்கு 30இல் 22 படுக்கை விற்றால் போதும். எங்களுக்கு 36இல் 32 சீட் விற்க வேண்டும். செவ்வாய்க்கிழமை 28 தாண்டியதில்லை. அன்றைக்கு 2,880 ரூபாய் நஷ்டம்.

இரண்டையும் சேர்த்துச் சாதித்தவர்கள் இல்லையா என்றால், இருக்கிறார்கள். வண்டியைச் சும்மா நிறுத்தாமல் ஓட்டினால் தரம் கெடாமலே சீட்டுச் செலவு இறங்கும். எங்கள் முதலாளி அதைச் செய்யவில்லை. சாதா வண்டிக்காரர் கட்டணத்தைப் பார்த்து 50 குறைத்தார், அதை ஈடுகட்ட போர்வையை நிறுத்தினார். போர்வைக்காக வந்தவர்கள் ஸ்லீப்பருக்குப் போனார்கள். அவர்களைத் திரும்ப இழுக்க வைஃபை போட்டார். செலவு மறுபடி ஏறியது. ஒவ்வொரு முறையும் நோட்டை எடுத்துக் காட்டினேன். "நீ கணக்கு மட்டும் எழுதுப்பா" என்றார்.

கடைசியில் கை வைத்தது இரண்டாவது டிரைவர் மேல். ராத்திரி முழுக்க ஒரே ஆள். இருந்ததிலேயே நிதானமாக ஓட்டும் அண்ணன் ஒருவர், "எனக்கும் பிள்ளைங்க இருக்கு தம்பி" என்று சாவியை என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார். அந்த விளம்பரத்தைப் பார்த்ததும் எனக்கு ஞாபகம் வந்தது அந்தச் சாவிதான்.