அழித்த மின்னஞ்சல் உயிர்த்தெழுந்தால் அதற்கும் நானா பொறுப்பு?

"நான் அழித்ததெல்லாம் திரும்பி வந்திருக்கிறது. படித்ததெல்லாம் படிக்காததாக இருக்கிறது. புதிதாக எதுவுமே வரவில்லை. இதற்குப் பெயர்தான் புதிய சர்வரா?"

காலையில் கணினியைத் திறப்பதற்கு முன்பே கணக்குப் பிரிவு அதிகாரியின் அர்ச்சனை. மூன்று குற்றச்சாட்டும் உண்மை என்பதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். பொய்யாக இருந்திருந்தால் நிம்மதியாகச் சண்டையாவது போட்டிருக்கலாம்.

பழைய அஞ்சல் சர்வரிலிருந்து புதியதற்குப் பெட்டிகளை நகலெடுக்கும் கருவி imapsync. பயனர்கள் வேலை செய்துகொண்டிருக்கும்போதே அதை ஓட்டியவர்களுக்கு இந்தக் கதை தெரியும். ஒரே ஓட்டத்தில் முடியாது. சில நாள்களுக்கு முன்பே முதல் ஓட்டத்தில் பெரும் சுமையை நகர்த்திவிட்டு, மாற்றும் இரவில் கடைசி ஓட்டத்தில் விட்டுப்போனதை அள்ளிப் போட வேண்டும். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் அந்தச் சில நாள்கள்தான் நரகம். அந்த நாள்களில் பெட்டியைச் சும்மா வைத்திருக்கும்படி எல்லோருக்கும் அறிக்கை அனுப்பினோம். வேண்டாம் என்று எழுதினால் அதைச் செய்தே தீர வேண்டும் என்று சிலருக்கு ஒரு வேண்டுதல் இருக்கும்போலிருக்கிறது.

நம் அதிகாரி பல ஆண்டுகளாக இன்பாக்ஸைத் திரும்பிப் பார்த்தவர் இல்லை. 8 ஜிபி அஞ்சல், எல்லாம் ஒரே குவியல். முதல் ஓட்டம் முடிந்த மறுநாள் அவருக்கு ஞானம் பிறந்தது. புதிய வீட்டுக்குச் சுத்தமாகப் போக வேண்டுமாம். 2019, 2020, 2021 என்று ஆண்டுக்கு ஒரு கோப்புறை உருவாக்கி, ஏறக்குறைய 3 ஜிபி அஞ்சலை அவற்றில் நகர்த்தினார். கூடவே சில நூறு பழைய அறிவிப்புகளை அழித்தார். எல்லாம் பழைய சர்வரில்.

imapsync என்ன செய்யும்? அது கோப்புறை கோப்புறையாகப் பார்க்கும். பழைய பக்கத்துக் கோப்புறையில் இருக்கும் ஒவ்வோர் அஞ்சலையும் Message-Id, Received தலைப்பு வரிகளை வைத்து அடையாளம் காணும். அதே பெயருள்ள புதிய பக்கத்துக் கோப்புறையில் அது இல்லாவிட்டால் கொண்டுபோய்ச் சேர்க்கும். அவ்வளவுதான். ஓர் அஞ்சல் இன்பாக்ஸிலிருந்து 2019-க்கு இடம் மாறியது என்ற செய்தியே அதற்குத் தெரியாது. அதன் கண்ணில் 2019 என்ற புதுக் கோப்புறை, அதில் புது அஞ்சல்கள். ஆகவே கடைசி ஓட்டத்தில் அந்த 3 ஜிபியும் இரண்டாம் முறை நகலானது. புதிய சர்வரின் இன்பாக்ஸில் முதல் ஓட்டம் போட்டுவைத்த பிரதி அசையாமல் இருந்தது. அவர் அழித்த அறிவிப்புகளும் அங்கேயே இருந்தன. எதையும் அழிக்கச் சொல்லாவிட்டால் imapsync புதிய பக்கத்தில் ஒன்றையும் அழிக்காது. நல்ல குணம்தான், குறை சொல்ல மாட்டேன்.

அழிக்கச் சொல்ல ஒரு வழி உண்டு. பழைய பக்கத்தில் இல்லாதது புதிய பக்கத்தில் இருந்தால் அதை நீக்கு என்பதே `--delete2`. மாற்றத்துக்கு முந்தைய ஓட்டங்களுக்கு நான் எழுதிக் கொடுத்த கட்டளை இது:

```
imapsync \
  --host1 old.example.com --user1 accounts@example.com --passfile1 p1 \
  --host2 new.example.com --user2 accounts@example.com --passfile2 p2 \
  --automap --delete2 --dry
```

`--dry` இருக்கும்வரை ஒன்றும் நடக்காது, என்ன செய்யப் போகிறது என்று மட்டும் சொல்லும். அதைப் படித்துப் பார்த்துவிட்டு எடுத்துவிட வேண்டும். வரும் அஞ்சல் எந்தச் சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ் பதிவு இன்னும் பழைய சர்வரைக் காட்டிக்கொண்டிருக்கிறது, புதியதில் ஒருவரும் நுழையவில்லை, ஓர் அஞ்சலும் நேரடியாக வந்து விழவில்லை. அந்தக் கட்டத்தில் பழையது மூலம், புதியது வெறும் பிரதி. மூலத்தில் இல்லாதது பிரதியில் இருக்க வேண்டிய அவசியமே இல்லை. `--delete2` பத்திரமான காலம் அது ஒன்றுதான்.

இந்தக் கட்டளை ஒப்புதலுக்காக மேலாளரிடம் போனது. அவர் imapsync-இன் ஆவணத்தைப் படித்தாரா? `--dry` என்றால் என்னவென்று கேட்டாரா? இல்லை. delete என்ற சொல்லைப் பார்த்தார். பாம்பைப் பார்த்ததுபோல் பார்த்தார். சிவப்பு மையால் அடித்தார். "வாடிக்கையாளர் தரவில் டெலீட்டா? யார் பொறுப்பு ஏற்பது?" விளக்கினேன். படம் வரைந்து விளக்கினேன். எது மூலம், எது பிரதி என்று அம்புக்குறி போட்டுக் காட்டினேன். "படம் நன்றாக இருக்கிறது, ஆனால் டெலீட் வேண்டாம்" என்றார். கூட்டக் குறிப்பிலும் அது ஏறியது. எழுத்துப்பூர்வமாக அசட்டுத்தனம் செய்யும் துணிச்சல் எல்லோருக்கும் வராது.

விளைவு? புதிய சர்வரில் ஒவ்வொருவருக்கும் 10 ஜிபி எல்லை. அதிகாரியின் பெட்டியில் முதலில் விழுந்த 8, அதோடு மறுபடி நகலாகும் 3. கணக்கைப் போட்டுப் பாருங்கள், அவர் கணக்குப் பிரிவுதானே. 10-ஐத் தொட்டதும் புதிய சர்வர் OVERQUOTA என்று கையை விரித்தது. ஆண்டுக் கோப்புறைகள் பாதி நிரம்பிய நிலையில் நகல் நின்றது. அதே இரவில் எம்எக்ஸ் மாற்றப்பட்டது. அந்தப் பதிவை மற்ற சர்வர்கள் நினைவில் வைத்திருக்கும் நேரமான டிடிஎல் முன்கூட்டியே 300 வினாடியாகக் குறைக்கப்பட்டிருந்ததால் அஞ்சல்கள் உடனே புதிய பக்கம் திரும்பின. வந்தவை நிரம்பிய பெட்டியில் முட்டி, அனுப்பியவர்களிடமே போய்ச் சேர்ந்தன. "புதிதாக எதுவுமே வரவில்லை" என்ற குற்றச்சாட்டின் முழு வரலாறு இதுதான்.

சரி, இரண்டாவது குற்றச்சாட்டு. படித்தது எப்படிப் படிக்காததாக மாறியது?

மாற்றம் முடிந்த மறுநாள் முழுவதும் அந்த மனிதர் புதிய சர்வரில் உட்கார்ந்து, தேங்கிக் கிடந்த அஞ்சல்களை ஒவ்வொன்றாகப் படித்திருக்கிறார். ஒவ்வொன்றுக்கும் படித்தது என்ற கொடி ஏறியது. அன்று இரவு மேலாளருக்கு ஒரு யோசனை: "பாதுகாப்புக்காக இன்னொரு முறை ஓட்டிவிடுங்கள், ஏதாவது விட்டுப்போயிருக்கலாம்." எனக்குச் சொல்லாமல் இரவுப் பணியில் இருந்தவரிடம் நேரடியாகச் சொல்லியிருக்கிறார். அவரும் அப்பாவியாகக் கடைசி ஓட்டத்தின் கட்டளையை அப்படியே ஓட்டியிருக்கிறார். ஏற்கெனவே நகலான அஞ்சல்களின் கொடிகளையும் பழைய பக்கத்தில் உள்ளபடி திருத்துவது imapsync-இன் இயல்பான நடத்தை. பழைய பக்கத்தில் அவை இன்னும் படிக்கப்படாதவை. ஆகவே ஒரு நாள் உழைப்பும் சத்தமில்லாமல் துடைக்கப்பட்டது. பயனர் புதிய பெட்டியைத் தொட்டுவிட்டார் என்றால் அதற்குப் பிறகு ஓட்டும் எந்த ஓட்டத்திலும் கொடிகளைத் தொடாதே என்று சொல்லும் `--noresyncflags` இருக்க வேண்டும், `--delete2` இருக்கக் கூடாது. இந்த ஒரு வரியை அச்சிட்டு அறைச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். சுவர் நன்றாகப் படித்திருக்கும்.

இன்று பத்து மணிக்கு அவசரக் கூட்டம். பிரச்சினையை விளக்கினேன். மேலாளர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, மேசையில் தட்டி, தெளிந்த முகத்துடன் சொன்னார்: "இதற்குத்தான் ஏதோ ஒரு டெலீட் இருக்கிறது என்றீர்களே? அதைப் போட்டு இப்போது ஓட்டிவிடுங்கள்."

இப்போது! எம்எக்ஸ் மாறிய பிறகு! பழைய சர்வருக்கு அஞ்சல் வருவது நின்ற பிறகு! நேற்றிலிருந்து அலுவலகம் முழுவதற்கும் வந்த ஒவ்வோர் அஞ்சலும் புதிய பக்கத்தில் மட்டுமே இருக்கிறது. பழைய பக்கத்தில் அதன் நிழல்கூட இல்லை. `--delete2` அவை அத்தனையையும் பழையதில் இல்லாதவை என்று கண்டுபிடித்து, ஒன்று விடாமல் ஒழித்திருக்கும். தேவையாகவும் பத்திரமாகவும் இருந்தபோது தடை. கொலைகாரனாக மாறிய பிறகு கட்டளை. பக்கத்தில் இருந்த இன்னொரு புத்திசாலி, "டூப்ளிகேட் மட்டும் நீக்கும் ஒன்று இருக்கிறதே, `--delete2duplicates`?" என்றார். இருக்கிறது ஐயா. அது ஒரே கோப்புறைக்குள் இருக்கும் இரட்டைகளைத்தான் பார்க்கும். இங்கே ஒரு பிரதி இன்பாக்ஸில், மற்றொன்று 2019-இல். இரண்டையும் அது தனித்தனி நல்ல பிள்ளைகளாகவே நினைக்கும்.

முதலில் கணக்குப் பிரிவு அதிகாரியின் எல்லையை 15 ஜிபியாக உயர்த்தினேன், அஞ்சல் வரத் தொடங்கியது. பிறகு `--noresyncflags` போட்டு, நின்றுபோன ஆண்டுக் கோப்புறைகளின் நகலை முடித்தேன். பழைய சர்வரில் எல்லாக் கோப்புறைகளிலும் உள்ள Message-Id-களை ஒரு பட்டியலாக எடுத்தேன், எந்த அஞ்சல் எந்தக் கோப்புறையில் என்ற குறிப்போடு. புதிய சர்வரின் இன்பாக்ஸில், மாற்றத்துக்கு முந்தைய தேதியுள்ள அஞ்சல்களை மட்டும் அதோடு ஒப்பிட்டேன். பட்டியலில் ஆண்டுக் கோப்புறையில் இருப்பதாகக் காட்டுபவை நகர்த்தப்பட்டவை. பட்டியலிலேயே இல்லாதவை அவர் அழித்தவை. இரண்டு வகையையும் உடனே நீக்காமல் தனிக் கோப்புறை ஒன்றில் ஒதுக்கினேன், அவர் பார்த்துச் சம்மதித்த பிறகு தூக்கிப் போட. படித்த கொடிகளை மீட்க வழியில்லை. புதிய பக்கத்தில் அவை எந்த நிலையில் இருந்தன என்று எவரும் எழுதி வைக்கவில்லை.

இந்த ஒப்பீடு ஓடிக்கொண்டிருக்கும்போதே பழைய சர்வரில் யாரோ உள்ளே நுழைவது பதிவேட்டில் தெரிந்தது. பார்த்தால் அதே அதிகாரியின் கைப்பேசி. அதில் பழைய சர்வரின் பெயர் இன்னும் மாற்றப்படவில்லை. காலையிலிருந்து அதில் உட்கார்ந்து இன்னும் சில கோப்புறைகளை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்திருக்கிறார். பயனர்கள் பழைய சர்வரின் பெட்டிக்குள் நுழையும் ஐமேப் வாசலை, மாற்றும் இரவிலேயே மூடிவிடலாமா என்று கேட்டிருந்தேன். அதற்கும் கூட்டக் குறிப்பு இருக்கிறது: "பயனர்களுக்கு இடையூறு கூடாது."

சிரித்துவிட்டேன். வேறு என்ன செய்வது? வாசலை மூடிவிட்டு, பட்டியலை மறுபடி முதலிலிருந்து எடுக்கத் தொடங்கினேன்.

இத்தனைக்கும் நடுவில் அவருடைய எழுத்துப்பூர்வமான புகார் வந்து சேர்ந்தது. திரையைப் படம் பிடித்து, அந்தப் படத்தை வேர்டு கோப்பில் ஒட்டி, அதை அச்சிட்டு, அச்சிட்டதை ஸ்கேன் செய்து, பிடிஎஃப் ஆக்கி, ஜிப் ஆக்கி, 14 எம்பி இணைப்பாக அனுப்பியிருக்கிறார். இந்த மனிதர்களுக்கு யார்தான் இதையெல்லாம் கற்றுக் கொடுக்கிறார்கள்? படத்தை அப்படியே அனுப்பினால் கை வலிக்குமா? அதுவும் அலுவலகத்தில் அத்தனை பேருக்கும் பிரதி வைத்து!