பொய்ச் சொல் பட்டியலைத் தூக்கிப் போடுங்கள்

போன வாரம், என்னிடம் மாலை வகுப்புக்கு வரும் மாணவி ஒருத்தி தடிமனான ஜெராக்ஸ் கட்டு ஒன்றைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். கனடாவில் முதுகலை படிக்க விண்ணப்பிக்கிறாள். அதற்காக டூயோலிங்கோ ஆங்கிலத் தேர்வு எழுதப் போகிறாள். "மேம், இதுல நானூறு பொய்ச் சொல் இருக்கு. பாதி மனப்பாடம் பண்ணிட்டேன்" என்றாள். ஒரு பயிற்சி மையத்தில் காசு வாங்கிக்கொண்டு கொடுத்திருக்கிறார்கள். ஆங்கிலத்திலேயே இல்லாத, தேர்வில் கலந்து வைப்பதற்காக இட்டுக்கட்டிய சொற்களை ஒரு பெண் இரவு பகலாக மனப்பாடம் செய்திருக்கிறாள். எனக்கு வயிறு எரிந்தது. அதனால்தான் இந்தப் பதிவு.

இந்தத் தேர்வு வீட்டில் கணினி முன்னால் உட்கார்ந்து சுமார் ஒரு மணி நேரத்தில் முடித்துவிடக் கூடியது. இரண்டு நாளில் முடிவு வந்துவிடும். இதில் நம் பிள்ளைகள் சுலபம் என்று நினைத்து வழுக்கி விழும் கேள்வி வகைகள் இரண்டு. ஒன்றில், திரையில் ஒரு சொல் வரும். அது உண்மையான ஆங்கிலச் சொல்லா, இட்டுக்கட்டியதா என்று ஐந்து நொடியில் சொல்ல வேண்டும். இன்னொன்றில், ஒரு வாக்கியம் காதில் ஒலிக்கும். கேட்டதை அப்படியே தட்டச்சு செய்ய வேண்டும். மூன்று முறை வரை கேட்கலாம், மொத்தம் ஒரு நிமிடம்.

முதலில் சொற்களைப் பார்ப்போம். அந்தப் பட்டியல் ஏன் வீண் என்றால், பொய்ச் சொற்களை யாரும் உட்கார்ந்து யோசித்து எழுதி வைத்திருக்கவில்லை. ஆங்கிலத்தில் எந்த எழுத்துக்குப் பின் எந்த எழுத்து வரும் என்ற வழக்கத்தைக் கற்றுக்கொண்ட ஒரு கணினி நிரல் அவற்றை உருவாக்குகிறது. எத்தனை வேண்டுமானாலும் உருவாக்கும். நானூறு படித்தாலும் நாலாயிரம் படித்தாலும் தேர்வில் வருவது பெரும்பாலும் வேறாகத்தான் இருக்கும். அதைவிட மோசம், அந்த உருவங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்துப் பழகியதால் கண்ணுக்கு அவை தெரிந்த முகமாகிவிடுகின்றன. 'எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கே' என்ற உணர்வை நம்பித்தான் ஐந்து நொடியில் பதில் சொல்கிறோம். அந்த உணர்வையே கலங்கடித்துவிட்டு என்ன தயாரிப்பு?

உண்மைச் சொற்களோடு பொய்ச் சொற்களைக் கலந்து கேட்கும் இந்த முறை புதிதும் இல்லை. 1987-ல் பால் மியாரா, பார்பரா பக்ஸ்டன் என்ற இருவர், நாலு விடை கொடுத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் சொல்வளத் தேர்வுக்கு மாற்றாக இதை முன்வைத்தார்கள். வெறுமனே 'இந்தச் சொல் தெரியுமா' என்று கேட்டால் எல்லாரும் தெரியும் என்றுதான் சொல்வார்கள். நடுவில் இல்லாத சொற்களைக் கலந்துவிட்டால், அதையும் தெரியும் என்று சொல்பவர் எவ்வளவு ஊகிக்கிறார் என்று கணக்குப் போட்டுக் கழித்துவிடலாம்.

தமிழில் செய்து பாருங்கள், புரிந்துவிடும். இணக்கம், சுணக்கம், தெணக்கம். மூன்றாவதைப் பார்த்ததும் உங்களுக்குள் ஏதோ இடறியிருக்கும். அகராதி எதையும் நீங்கள் புரட்டவில்லை. இத்தனை வருடம் படித்ததும் கேட்டதும் சேர்ந்து அந்த இடறலைத் தந்தது. ஆங்கிலத்தில் அந்த இடறல் வருகிறதா என்றுதான் தேர்வு பார்க்கிறது.

டூயோலிங்கோவில் ஒருவரின் பதிலுக்கேற்ப அடுத்த கேள்வியின் கடினம் மாறிக்கொண்டே போகும். அதனால் அதன் மதிப்பெண்ணை நாம் கையால் கணக்குப் போட முடியாது. ஆனால் இதே வகையில் லெக்ஸ்டேல் என்று ஒரு சின்னத் தேர்வு இருக்கிறது. 2012-ல் ஆய்வாளர்களுக்காக வெளியிடப்பட்டது. 60 சொற்கள், அதில் 40 உண்மை, 20 பொய். நேரக் கட்டுப்பாடு கிடையாது. உண்மைச் சொற்களில் எத்தனை சதவீதம் சரி, பொய்ச் சொற்களில் எத்தனை சதவீதம் சரி என்று தனித்தனியாகப் பார்த்து இரண்டின் சராசரியை எடுப்பார்கள். என் வகுப்பில் இதைத்தான் கொடுத்தேன்.

ஒரு பையன் துணிச்சல்காரன். 40 உண்மைச் சொற்களில் 36-ஐ அடையாளம் கண்டான், அது 90 சதவீதம். ஆனால் 20 பொய்ச் சொற்களில் 10-க்கு ஏமாந்தான், அது 50. சராசரி 70. நான் மேலே சொன்ன மாணவி, அந்தக் கட்டைத் தொடுவதற்கு முன்னால் எழுதியபோது, உண்மைச் சொற்களில் 28-தான் கண்டுபிடித்தாள், அது 70. பொய்ச் சொற்களில் 18-ஐ ஒதுக்கினாள், அது 90. சராசரி 80. அவனை விட எட்டுச் சொல் குறைவாக அடையாளம் கண்டவள் பத்துப் புள்ளி முன்னால் நிற்கிறாள். இந்தக் கணக்கில் ஒரு பொய்ச் சொல்லுக்கு 'ஆம்' சொல்வது, ஒரு உண்மைச் சொல்லைத் தவறவிடுவதைப் போல இரண்டு மடங்கு வலிக்கும். பொருள் சரியாகத் தெரியாவிட்டாலும் அப்படி ஒரு சொல் உண்டு என்று உறுதியாகத் தெரிந்தால் 'ஆம்', சந்தேகமாக இருந்தால் 'இல்லை' என்பதுதான் அந்தத் தேர்வே சொல்லும் விதி. 'தெரியாததைத் தெரியாது என்று சொல்' என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கவே நமக்கு மனம் வருவதில்லை. எதையாவது எழுதிவிட்டு வா, எழுதினால் மார்க் போடுவார்கள் என்று பழக்கிவிட்டோம்.

இன்னொன்றையும் அந்த வகுப்பில் கவனித்தேன். அந்தத் தேர்வில் வரும் சொற்களிலிருந்து ஆறு இங்கே:

```
destription   magrity   alberation
shin          fray      lofty
```

மேல் வரிசை மூன்றும் பொய், கீழ் வரிசை மூன்றும் உண்மை. என் பிள்ளைகளில் பெரும்பாலோர் தலைகீழாகச் சொன்னார்கள். காரணம் தெளிவு. நம் பிள்ளைகளின் ஆங்கிலம் பாடப்புத்தகத்திலிருந்து வந்தது. நீளமாக, கம்பீரமான வால் வைத்து முடிந்தால் அது உண்மைச் சொல்லாகத்தான் இருக்கும் என்று கை போய்விடுகிறது. முதல் சொல்லின் நடுவில் ஒரே ஒரு எழுத்து மாறியிருப்பதை, வேகமாக உருவத்தைப் பார்த்துப் படிக்கும் கண் கவனிப்பதில்லை. முழங்காலுக்குக் கீழே காலின் முன்பக்கத்தைக் குறிக்கும் 'ஷின்' என்ற சாதாரண வீட்டுச் சொல்லோ, எந்தப் பாடத்திலும் வராததால் பொய்யாகத் தெரிகிறது. இதற்கு மருந்து கதை படிப்பதுதான். சிறுவர் கதையானாலும் பரவாயில்லை. ஓடுவது, விழுவது, உடம்பு, வீடு, வானிலை எல்லாம் வருகிற எழுத்து வேண்டும்.

சரி, இப்போது கேட்டு எழுதுவது. எனக்கு இதுதான் பிடித்த பகுதி. நம் மொழிக்கும் ஆங்கிலத்துக்கும் நடுவே இருக்கும் பள்ளம் இங்கேதான் அப்படியே தெரியும். அதே மாணவிக்கு நான் ஒரு வாக்கியத்தை இயல்பான வேகத்தில் வாசித்தேன். முதல் வரி நான் வாசித்தது, இரண்டாவது அவள் தட்டியது:

```
The farmers had asked for a larger tank.
The farmer had ask for larger tank.
```

பொருள் அவளுக்கு முழுசாகப் புரிந்துவிட்டது. பெரிய தொட்டி கேட்டிருந்தார்கள், அவ்வளவுதானே. ஆனால் இந்தக் கேள்விக்கு மதிப்பெண், எழுதியதற்கும் மூல வாக்கியத்துக்கும் எத்தனை எழுத்து வித்தியாசம் என்பதைப் பொறுத்தது. எட்டுச் சொல்லில் மூன்று இடத்தில் போய்விட்டது. மொத்தமும் போகாது, ஓரளவு கிடைக்கும். ஆனால் ஒவ்வொரு வாக்கியத்திலும் இதே மூன்று விஷயம் போனால் மதிப்பெண் ஒரு இடத்தில் முட்டிக்கொண்டு நின்றுவிடும்.

மூன்றும் ஒரே மாதிரித் தவறு என்றுதான் அவள் நினைத்தாள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 'ஆஸ்க்ட் ஃபார்' என்று வேகமாகச் சொல்லும்போது நடுவில் இருக்கும் 'ட்' ஆங்கிலேயர் வாயிலும் பெரும்பாலும் விழுங்கப்பட்டுவிடும். மூன்று முறை கேட்டாலும் காதில் விழாது. அதைக் காதால் பிடிக்க முடியாது, இலக்கணத்தால்தான் பிடிக்க வேண்டும். முன்னால் 'ஹேட்' இருக்கிறது, அப்படியானால் அடுத்த வினை வெறும் வேர்ச்சொல்லாக நிற்க முடியாது. அதே போல 'ஃபார்' என்பதோடு 'அ' ஒட்டிக் கரைந்துவிடுகிறது. தமிழில் 'பெரிய தொட்டி' என்றாலே போதும் என்பதால், அங்கே ஒன்று குறைகிறது என்றே நமக்குத் தோன்றாது. ஒரு தொட்டி என்றால் ஆங்கிலத்தில் முன்னால் ஏதாவது ஒன்று நின்றாக வேண்டும் என்று தெரிந்திருந்தால் விரல் தானாக அதைச் சேர்க்கும்.

ஆனால் விவசாயி ஒருவரா, பலரா? இங்கே இலக்கணம் கை கொடுக்காது. 'ஹேட்' இரண்டுக்கும் பொருந்தும். இதற்குக் காது மட்டும்தான் துணை. அந்தக் கடைசி 'ஸ்' ஒலியைப் பிடிக்க இன்னொரு முறை கேட்டே ஆக வேண்டும்.

அதனால் நான் சொல்லிக்கொடுப்பது இதுதான். முதல் முறை ஒலிக்கும்போது கையை மடியில் வைத்துக்கொண்டு முழு வாக்கியத்தையும் கேள். முதல் சொல் காதில் விழுந்ததும் தட்ட ஆரம்பித்தால், தட்டுகிற நேரத்தில் பின்பாதி போய்விடும். ஒலி நின்றதும் நினைவில் இருப்பதை எழுது. எழுதியதைப் படித்து, இலக்கணம் எங்கே உறுத்துகிறது என்று பார்த்துத் திருத்து. எந்தெந்த இடத்தை இலக்கணத்தால் முடிவு செய்ய முடியவில்லையோ அதை மட்டும் குறிவைத்து அடுத்த முறை கேள். மூன்றாவது முறையும் அப்படித்தான். வெறுமனே மூன்று முறை கேட்பதில் ஒன்றும் இல்லை, எதைத் தேடிக் கேட்கிறோம் என்று தெரிந்திருக்க வேண்டும்.

அப்புறம் ஒன்று. போனில் பயிற்சி செய்யாதீர்கள். போன் தானாகவே எழுத்துப் பிழையைத் திருத்தி, அடுத்த சொல்லையும் எடுத்துக் கொடுக்கும். தேர்வில் அந்த வசதியெல்லாம் அணைக்கப்பட்டிருக்க வேண்டும், எழுதுவதும் கணினியில்தான். போனில் நன்றாக எழுதிய பிள்ளை கணினியில் எழுத்துக்கூட்டத் திணறுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

இந்த இரண்டு கேள்வியை வைத்து ஒருவரின் ஆங்கிலத்தை எப்படி எடை போடலாம் என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஒரு சொல் உண்டு என்று அடையாளம் காண்பவருக்கு அதை வைத்து ஒரு வரி எழுதத் தெரியாமல் போகலாம். அதற்குத்தான் அதே தேர்வில் எழுதும் பகுதியும் பேசும் பகுதியும் தனியாக இருக்கின்றன. ஆனால் இவற்றை விளையாட்டு என்று ஒதுக்க என்னால் முடியவில்லை. அந்த எட்டுச் சொல் வாக்கியம், பத்துப் பக்கக் கட்டுரை திருத்தினாலும் அவ்வளவு சீக்கிரம் தெரியாத மூன்று ஓட்டைகளை ஒரு நிமிடத்தில் எனக்குக் காட்டிக் கொடுத்தது.

மாணவிக்கு அடுத்த வியாழக்கிழமை தேர்வு. ஜெராக்ஸ் கட்டை என்னிடமே விட்டுப் போகச் சொல்லிவிட்டேன். தினமும் பத்து வாக்கியம் வாசிக்கிறேன், அவள் மடிக்கணினியில் தட்டுகிறாள். விழுங்கப்பட்ட 'ட்' இப்போது தவறுவதில்லை. நேற்று பத்தில் நான்கு வாக்கியத்தில் கடைசி 'ஸ்' இன்னும் விட்டுப்போனது. இன்று மாலை அதை மட்டும் எடுத்துக்கொள்ளப் போகிறோம்.