"ஒரு வட்டிதாண்ணா" என்று போனில் சொன்னால்...

"சார், உங்களுக்கு ரெண்டு லட்சம் ப்ரீ-அப்ரூவ்ட் ஆகியிருக்கு. இன்னைக்குள்ள ஓகே சொல்லிடுங்க." வேலூரில் சம்பளக் கணக்கு வைத்திருக்கிற யாரைக் கேட்டாலும் இந்த போன் வந்ததாகத்தான் சொல்வார்கள். கடன் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். போனில் சொல்கிற வட்டியை நம்பி முடிவெடுக்காதீர்கள். கையில் எவ்வளவு வரும், மொத்தம் எவ்வளவு கட்டணும், இந்த இரண்டையும் எழுத்தில் வாங்கிப் பாருங்கள்.

முதலில், ப்ரீ-அப்ரூவ்ட் என்றால் கடன் உறுதியாகிவிட்டது என்று அர்த்தமில்லை. உங்கள் சம்பள வரவையும் பழைய கடன் கட்டிய விதத்தையும் பார்த்து ஒரு பட்டியல் எடுத்திருக்கிறார்கள். மற்ற சரிபார்ப்பெல்லாம் நீங்கள் சரி என்ற பிறகுதான். அந்தச் சலுகை உண்மையென்றால் பெரும்பாலும் உங்கள் வங்கியின் ஆப்பிலேயே இருக்கும், கிளையிலும் கேட்கலாம். "முதல்ல பிராசஸிங் ஃபீஸ் ஜிபே பண்ணுங்க" என்றோ ஓடிபி சொல்லுங்கள் என்றோ கேட்டால் அது மோசடி. போனை வைத்துவிடுங்கள், பணம் போயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அடியுங்கள்.

மோசடி இல்லாத, நிஜமான கடனைப் பற்றித்தான் விரிவாகச் சொல்லணும். சத்துவாச்சாரியில் எங்கள் தெருப் பையன் ஒருவன், ராணிப்பேட்டை ஷூ கம்பெனியில் வேலை. தங்கச்சியின் நர்சிங் படிப்புக்கு 80,000 ரூபாய் தேவை. அந்த நேரத்தில் இந்த போன். "மாசம் ஒரு வட்டிதாண்ணா, வெளியில மூணு வட்டி கேக்கறாங்க" என்று ஓடி வந்தான். 2 லட்சம், 24 மாதம், மாதத் தவணை 10,333 ரூபாய் என்று எழுதி வைத்திருந்தான்.

தவணையைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. வருடம் 12 சதவீதம், பாக்கித் தொகைக்கு மட்டும் வட்டி என்றால் தவணை 9,415 ரூபாய்தான் வரும். இவர்கள் சொன்னது ஃப்ளாட் வட்டி. அதாவது நீங்கள் அசலில் பாதியைக் கட்டி முடித்த பிறகும் முழு 2 லட்சத்துக்கே வட்டி போடுவார்கள். அந்த 10,333-ஐ பாக்கித் தொகைக் கணக்கில் பார்த்தால் வருடத்துக்கு ஏறக்குறைய 21.5 சதவீதம்.

அதோடு முடியவில்லை. பிராசஸிங் ஃபீஸ் 3 சதவீதம், அதாவது 6,000. அதற்கு ஜிஎஸ்டி 1,080. இன்சூரன்ஸ் என்று ஒரு 4,500. இதையெல்லாம் பிடித்துக்கொண்டு கணக்கில் போடப் போவது 1,88,420 ரூபாய். திருப்பிக் கட்டுவதோ சுமார் 2,48,000. கிட்டத்தட்ட 59,600 ரூபாய் கூடுதல். பிடித்தத்தையும் சேர்த்தால் வட்டி ஏறக்குறைய 28 சதவீதம். போனில் கேட்டது "ஒரு வட்டி", கட்டப்போவது ரெண்டே கால் வட்டிக்கு மேல்! அவனுக்குத் தேவையே 80,000 என்பது இன்னொரு விஷயம். கொடுக்கிறார்களே என்று 2 லட்சம் வாங்கினால், தேவையில்லாத பணத்துக்கும் சேர்த்து வட்டி கட்டணும்.

இந்தக் கணக்கை நீங்களே போடவேண்டிய அவசியமில்லை. 2024 அக்டோபர் 1 முதல் தனிநபர் கடனுக்கெல்லாம் 'கீ ஃபேக்ட்ஸ் ஸ்டேட்மென்ட்' என்ற தாளை, ஒப்பந்தத்துக்கு முன்பே தரவேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. அதில் ஏ.பி.ஆர். என்று ஒரு வரி இருக்கும். வட்டி, ஃபீஸ், இன்சூரன்ஸ் எல்லாம் சேர்ந்த வருட விகிதம் அதுதான். இரண்டு கடன்களை ஒப்பிட அந்த ஒரு எண் போதும். தாளைக் கொடுத்த பிறகு, திருப்பிக் கட்டும் காலம் 7 நாளோ அதற்கு மேலோ உள்ள கடனென்றால், குறைந்தது 3 வேலை நாளாவது நீங்கள் யோசிக்க அவகாசம் தரவேண்டும். அந்த நாட்களுக்குள் நீங்கள் ஒப்புக்கொண்டால் தாளில் எழுதியபடிதான் கடன் தரணும். அதனால் "இன்னைக்குள்ள" என்று அவசரப்படுத்தினால், "தாளை அனுப்புங்க, பார்த்துட்டு சொல்றேன்" என்பதே போதுமான பதில்.

கிரெடிட் கார்டு கதை கொஞ்சம் வேறு. நீங்கள் கேட்காமலே கார்டு அனுப்பக்கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. அப்படி வந்த கார்டுக்கு பில் போட்டால், அதை ரத்து செய்வதோடு அந்தத் தொகையைப் போல இரண்டு மடங்கு அபராதமும் உங்களுக்குத் தரணும். கார்டு வழங்கிய தேதியிலிருந்து 30 நாளுக்கு மேல் ஆக்டிவேட் பண்ணாமல் இருந்தால், ஓடிபி வழியாக உங்கள் சம்மதம் கேட்பார்கள். வேண்டாத கார்டென்றால் அந்த ஓடிபியைத் தொடாதீர்கள். சம்மதம் வராவிட்டால் 7 வேலை நாளுக்குள் அவர்களே மூடணும், அதற்குக் கட்டணம் கிடையாது.

எங்கள் தெருப் பையனுக்கு போன் பண்ணி "ஒரு வட்டி" என்று சொன்ன பெண், மறுநாள் மறுபடியும் அவனைக் கூப்பிட்டாள். அவளும் மாத டார்கெட்டுக்காக ஓடுகிறவள், அவளிடம் கோபப்பட வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். "கீ ஃபேக்ட்ஸ் ஸ்டேட்மென்ட் மெயில்ல அனுப்புங்க மேடம்" என்று மட்டும் கேட்டிருக்கிறான். "அது லோன் பாஸ் ஆனப்புறம் வரும் சார், முதல்ல ஓகே சொல்லுங்க" என்றாளாம். அவன் ஓகே சொல்லவில்லை. 80,000-க்கு அம்மாவின் வளையலை வைத்து நகைக்கடன் வாங்கப் போகிறான். வங்கிக் கிளையில் ஏ.பி.ஆர். என்ன என்று கேட்டு எழுதிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன்.