ஸ்குவாஷ் ஓஆர்எஸ் ஆகுமா?

"வெயில்ல சுருண்ட பிள்ளைக்கு ஓஆர்எஸ் தேடி அலையாதீங்க. ஒரு டம்ளர் ஸ்குவாஷ் போதும், ரெண்டும் ஒண்ணுதான்."

தவறு. இரண்டிலும் இனிப்பு உண்டு, ஆனால் அளவு வேறு. 50 மி.லி. ஸ்குவாஷைத் தண்ணீர் விட்டு ஒரு டம்ளராக்கினால், அதில் மட்டும் ஏறக்குறைய 20 கிராம் சர்க்கரை இருக்கும். உலக சுகாதார நிறுவன முறைப்படியான ஓஆர்எஸ்ஸில் ஒரு லிட்டருக்கே 13.5 கிராம் குளுக்கோஸ்தான், கூடவே 2.6 கிராம் உப்பும் உண்டு. அந்த உப்பும் குளுக்கோஸும் சேர்ந்துதான் தண்ணீரைக் குடலிலிருந்து உடம்புக்குள் இழுக்கின்றன. ஸ்குவாஷில் உப்பு பெயரளவுக்குத்தான். வயிற்றுப்போக்கும் இருந்தால், அந்த அதிக இனிப்பு தண்ணீரைக் குடலுக்குள் இழுத்து நிலைமையை மோசமாக்கும்.

சாதாரணத் தாகத்துக்கு உப்புப் போட்ட நீர்மோரோ எலுமிச்சைச் சாறோ தாராளமாகப் போதும். எனக்கு மோர்தான் முதல் தேர்வு, அதில் பொட்டாசியமும் இருக்கிறது. வாந்தி, பேதி என்றால் ஓஆர்எஸ்தான்.

ஒரு லிட்டர் பொட்டலத்தில் பாதியை ஒரு டம்ளரில் கரைக்கிறார்கள். அது ஆபத்து, உப்பு மிஞ்சிவிடும். முழுப் பொட்டலத்தையும் கொதித்து ஆறிய ஒரு லிட்டர் நீரில் கரைத்து, சிறுகச் சிறுகக் கொடுங்கள். 24 மணி நேரத்துக்குப் பின் மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். பிள்ளை சோர்ந்து கண் சொருகினாலோ, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாவிட்டாலோ உடனே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.